லாபம் கூடியும் ரொக்கம் குறைந்தது ஏன்: இயக்குநர் குழுவுக்கு ஒரு விளக்கக் குறிப்பு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் இயக்குநர் குழு உறுப்பினர்களுக்கும்,

2025 மார்ச் 31-இல் முடிந்த நிதியாண்டில் நமது மாங்கூழ் தொழிற்சாலையின் வரிக்குப் பிந்தைய நிகர லாபம் 172 லட்சத்திலிருந்து 240 லட்சம் ரூபாயாக உயர்ந்திருக்கிறது. அதே ஆண்டில் வங்கியிலும் கையிலும் இருந்த ரொக்கம் 210 லட்சத்திலிருந்து 62 லட்சமாகக் குறைந்திருக்கிறது. கணக்கைப் படித்த உறுப்பினர்களில் சிலர், சம்பாதித்த 240 லட்சம் எங்கே போயிற்று என்று கேட்டிருந்தார்கள். கேட்கவேண்டிய கேள்விதான் அது. நிதித்துறைக்கு வெளியே இருந்து குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்களும் தாமே சரிபார்த்துக்கொள்ளும் வகையில், நமது சொந்த எண்களைக் கொண்டே இதற்கு விடை எழுதியிருக்கிறேன்.

முதலில் ஒரே ஒரு டிரம் கூழை எடுத்துக்கொள்வோம். ஒரு டிரம்மில் 215 கிலோ தோத்தாபுரி கூழ் இருக்கிறது. தோலும் கொட்டையும் நாரும் கழிவதால், அதற்கு ஏறத்தாழ 430 கிலோ பழம் தேவைப்படுகிறது. சென்ற ஜூன் மாதத்தில் நாம் கிலோவுக்குச் சராசரியாக 15 ரூபாய் கொடுத்து வாங்கிய பழத்தின்படி, பழத்துக்கு மட்டும் 6,450 ரூபாய். போச்சம்பள்ளி, காவேரிப்பட்டணம், சந்தூர் பக்கத்துத் தோப்புகளிலிருந்தும் மண்டிகளிலிருந்தும் பழத்தைக் கொண்டுவரும் வண்டி வாடகையும் ஏற்றிறக்கக் கூலியும் 520 ரூபாய். இரும்பு டிரம்முக்கும் உள்ளே வைக்கும் கிருமி நீக்கிய அசெப்டிக் பைக்கும் 1,930 ரூபாய். நீராவி, மின்சாரம், பருவகாலக் கூலி, நிரந்தரப் பணியாளர் சம்பளம் ஆகியவற்றின் பங்கு 2,100 ரூபாய். ஆக மொத்தம் 11,000 ரூபாய். தேய்மானத்தைப் பின்னர் தனியே சொல்லப்போவதால் இதில் சேர்க்கவில்லை.

இந்த 11,000 ரூபாயில் பெரும்பகுதி ஜூன், ஜூலை மாதங்களிலேயே நம் கையை விட்டுப் போய்விடுகிறது. விவசாயிக்கும் மண்டிக்காரருக்கும் ஒரு வாரத்துக்குள் பணம் கொடுத்தாக வேண்டும். கொடுக்காவிட்டால் அடுத்த லாரி வேறு தொழிற்சாலையின் வாசலுக்குப் போய்விடும். கூழ் கிடங்கில் இருக்கிறது. பிப்ரவரியில் வளைகுடா நாட்டு வாடிக்கையாளர் ஒருவர் அந்த டிரம்மை 13,500 ரூபாய்க்கு வாங்குகிறார். சென்னைத் துறைமுகத்தில் சரக்கு கப்பலேறி, அதற்குச் சான்றான பில் ஆஃப் லேடிங் என்ற ஆவணம் கைக்கு வந்த நாளில் நமது கணக்கில் விற்பனை பதிவாகிறது, 2,500 ரூபாய் லாபமும் பதிவாகிறது. ஆனால் அவருக்கு நாம் கொடுத்திருக்கும் தவணை 90 நாள். பணம் மே மாதத்தில்தான் வரும். மார்ச் 31 அன்று அந்த ஒரு டிரம்மைப் பொறுத்தவரை லாப நட்டக் கணக்கு 2,500 ரூபாய் கூட்டிக் காட்டுகிறது. வங்கிக் கணக்கோ 11,000 ரூபாய் குறைந்து நிற்கிறது. இரண்டும் உண்மையே. சரக்கின் உரிமை கைமாறியதை லாபக் கணக்கு பதிகிறது. பணம் கைமாறியதை ரொக்கக் கணக்கு பதிகிறது.

விற்காமல் மார்ச் 31 அன்றும் கிடங்கிலேயே இருக்கும் டிரம்மின் நிலை இன்னும் வேறு. அதற்காகச் செலவான 11,000 ரூபாய் லாப நட்டக் கணக்கில் செலவாகவே இடம்பெறாது. சரக்கிருப்பு என்ற பெயரில் சொத்துப் பட்டியலில் போய் அமரும். ரொக்கம் குறைந்திருக்கும், லாபத்தில் ஒரு ரூபாயும் குறைந்திராது. நம்முடைய இவ்வாண்டுக் கணக்கில் இந்த இரண்டு வகை டிரம்களும் முந்தைய ஆண்டைவிடக் கணிசமாகக் கூடியிருக்கின்றன. கீழ்வரும் அட்டவணை அதைத்தான் மொத்தமாகக் காட்டுகிறது.

| விவரம் (2024-25) | ரூபாய் லட்சத்தில் |
|---|---|
| நிகர லாபம் | 240 |
| கூட்டுக: தேய்மானம் | 95 |
| வாடிக்கையாளர் பாக்கி உயர்வு (280-லிருந்து 490) | −210 |
| சரக்கிருப்பு உயர்வு (360-லிருந்து 545) | −185 |
| வழங்குநர்களுக்குக் கொடுக்கவேண்டியதில் குறைவு (190-லிருந்து 150) | −40 |
| ஜிஎஸ்டி வரவு நிலுவை உயர்வு (30-லிருந்து 58) | −28 |
| தொழில் நடத்தியதில் ரொக்கம் | −128 |
| புதிய நிரப்பு இயந்திரம் | −180 |
| புதிய தவணைக் கடன் | 120 |
| பழைய தவணைக் கடனின் அசல் திருப்பம் | −70 |
| நடைமுறை மூலதனக் கடன் உயர்வு | 110 |
| ரொக்கத்தில் நிகர மாற்றம் | −148 |

தணிக்கையாளரின் ரொக்க ஓட்ட அறிக்கையில் வட்டிச் செலவு கடன் சார்ந்த பகுதியில் தனியே காட்டப்பட்டிருக்கும். படிப்பதற்கு எளிதாக இருக்கட்டும் என்று இங்கே அதை லாபத்தில் கழித்தபடியே விட்டிருக்கிறேன். அதனால் நடுவில் உள்ள 128 என்ற எண் தணிக்கை அறிக்கையில் வேறாகத் தெரியும். கடைசி வரியில் உள்ள 148 மாறாது.

அட்டவணையில் உறுப்பினர்கள் முதலில் பார்க்கவேண்டியது 148-ஐ அல்ல, நடுவில் உள்ள 128-ஐ என்பது என் கருத்து. ரொக்கம் 148 லட்சம் குறைந்தது என்று மட்டும் சொன்னால், இயந்திரம் வாங்கியதால் குறைந்தது என்று எவரும் எண்ணிக்கொள்ள இடமிருக்கிறது. உண்மையில் இயந்திரத்தின் விலையைச் சேர்க்காமலேயே, கூழ் செய்து விற்கும் அன்றாடத் தொழிலே 240 லட்சம் லாபத்துக்கு நடுவில் 128 லட்சத்தை விழுங்கியிருக்கிறது. புதிதாக 230 லட்சம் கடன் வாங்கிய பிறகும் ரொக்கம் இந்த அளவுக்கு இறங்கியதற்கு அதுதான் காரணம்.

வாடிக்கையாளரிடம் நிற்கும் 210 லட்சம்

விற்பனை 2,400 லட்சத்திலிருந்து 2,920 லட்சமாக உயர்ந்திருப்பதால் பாக்கியும் ஓரளவு உயரத்தான் செய்யும். எவ்வளவு இயல்பு, எவ்வளவு மிகை என்பதைப் பிரித்தறிய ஓர் எளிய கணக்கு உண்டு. பாக்கியை ஆண்டு விற்பனையால் வகுத்து 365-ஆல் பெருக்கினால், எத்தனை நாள் விற்பனை இன்னும் பணமாகாமல் நிற்கிறது என்று தெரியும். சென்ற ஆண்டு அது 43 நாளாக இருந்தது. இவ்வாண்டு 61 நாளாகியிருக்கிறது. பழைய 43 நாளிலேயே நாம் வசூலித்திருந்தால் இன்றைய விற்பனைக்குப் பாக்கி சுமார் 344 லட்சமாக நின்றிருக்கும். எஞ்சிய 146 லட்சம், விற்பனை கூடியதால் வந்ததல்ல; தவணை நீண்டதால் வந்தது.

அதன் பெரும்பகுதி ஒரே வாடிக்கையாளருடையது. வளைகுடாவைச் சேர்ந்த அந்த நிறுவனம் முன்பு வங்கியில் பணம் கட்டிய பிறகே கப்பல் ஆவணங்களைப் பெற்றுக்கொண்டது. இவ்வாண்டு கூடுதல் அளவு வாங்குவதற்கு ஈடாக, பில் ஆஃப் லேடிங் நாளிலிருந்து 90 நாள் தவணை கேட்டது, நாமும் ஒப்புக்கொண்டோம். லாபம் உயர்ந்ததில் அந்த விற்பனைக்கு உண்மையான பங்கு உண்டு என்பதால் அந்த முடிவை நான் குறை சொல்லவில்லை. ஆனால் விலை பேசியபோது தவணையின் விலையைச் சேர்த்துப் பேசியிருக்க வேண்டும். 13,500 ரூபாய் 90 நாள் வெளியே நின்றால், ஆண்டுக்கு 10 சதவீத வட்டியில் டிரம் ஒன்றுக்குச் சுமார் 333 ரூபாய் வட்டியாகும். 2,500 ரூபாய் லாபத்தில் அது எட்டில் ஒரு பங்குக்கு மேல். மார்ச் 31 அன்று இவரிடமிருந்து புதிதாக வரவேண்டியிருந்த 140 லட்சமும் ஏப்ரல், மே மாதங்களில் தவணை முடிந்து வரவேண்டியது. இன்றுவரை அவர் தவறியதில்லை.

வேறொரு 30 லட்சத்தை இதனோடு சேர்த்துப் பார்க்கக் கூடாது. உள்நாட்டுப் பான நிறுவனம் ஒன்று, கூழில் கரும்புள்ளிகள் இருப்பதாகச் சொல்லி ஒரு சரக்கின் பணத்தை நிறுத்தி வைத்திருக்கிறது. இது காலம் வந்தால் தானே வரக்கூடிய பாக்கி அல்ல. தகராறில் உள்ள பாக்கி. தகராறு நமக்கு எதிராக முடிந்தால் இந்தத் தொகை இனி வரப்போவதில்லை, அப்போது காட்டப்பட்ட லாபமும் அந்த அளவுக்குக் குறையும். வாடிக்கையாளர் பாக்கி என்ற ஒரே வரியில் இந்த இரண்டு வகையும் ஒன்றாகத் தெரிவதால், பாக்கியின் வயதைக் காட்டும் பட்டியல் இல்லாமல் அந்த வரியை மட்டும் வைத்து எந்த முடிவுக்கும் வர இயலாது. தவணை முடியாதவை, முடிந்து ஒரு மாதத்துக்குள் இருப்பவை, அதற்கு மேற்பட்டவை, தகராறில் இருப்பவை என்று பிரித்த பட்டியல் இணைப்பில் இருக்கிறது.

கிடங்கில் நிற்கும் 185 லட்சம்

நமது தொழிலில் மார்ச் 31 தனித்தன்மை கொண்ட நாள். மே மாதம் தொடங்கி ஜூலை வரை, சில ஆண்டுகளில் ஆகஸ்ட் தொடக்கம் வரை, பழம் வருகிறது. எஞ்சிய மாதங்களில் அதை விற்றுத் தீர்க்கிறோம். ஆகவே மார்ச் இறுதியில் கிடங்கு ஏறத்தாழக் காலியாக இருக்கவேண்டிய நேரம் அது. ஆண்டு முழுவதும் சமமாக உற்பத்தி செய்யும் ஆலையில் மார்ச் இருப்பு 545 லட்சம் என்றால் அது பெரிய செய்தியாக இராது. நமக்கு அது, சென்ற பருவத்துக் கூழ் அடுத்த பருவத்தின் வாசல் வரை விற்காமல் வந்துவிட்டது என்று பொருள்.

உயர்ந்த 185 லட்சத்தில் 35 லட்சம், விலை ஏறும் என்று முன்கூட்டியே வாங்கி வைத்த வெற்று டிரம்களும் பைகளும். அவை வரும் பருவத்தில் பயன்பட்டுவிடும். மீதி 150 லட்சம், தேய்மானத்தின் பங்கையும் சேர்த்த அடக்கவிலையில் ஏறத்தாழ 1,300 டிரம் தோத்தாபுரி கூழ். அசெப்டிக் முறையில் அடைத்த கூழ் சாதாரண வெப்பநிலையிலேயே ஓராண்டுக்கு மேல் கெடாமல் இருக்கும் என்பதால் அவசரமில்லை என்று விற்பனைப் பிரிவு கருதுகிறது. கெடாது என்பது சரி. ஆனால் நாள் ஆக ஆக நிறம் கருக்கத் தொடங்கும். புதிய பருவத்துக் கூழ் சந்தைக்கு வந்தவுடன் பழைய தேதியிட்ட டிரம்முக்கு வாங்குபவர் தள்ளுபடி கேட்பார்.

இதைவிடப் பெரிய ஆபத்து பழத்தின் விலையில் இருக்கிறது. கிருஷ்ணகிரியில் விளைச்சல் மிகுந்து தோத்தாபுரி வரத்து ஒரே நேரத்தில் குவியும் ஆண்டுகளில் பழ விலை சில வாரங்களுக்குள் வெகுவாக இறங்கிவிடுவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அப்படி இறங்கினால் புதிய கூழின் அடக்கவிலையும் இறங்கும், சந்தை விலையும் அதைத் தொடர்ந்து இறங்கும். 15 ரூபாய்ப் பழத்தில் செய்த பழைய டிரம் அப்போது அடக்கவிலைக்குக் கூட விற்காமல் போகலாம். சரக்கிருப்பை அடக்கவிலை, விற்றால் நிகரமாகக் கிடைக்கும் தொகை இவ்விரண்டில் எது குறைவோ அதில்தான் மதிப்பிட வேண்டும் என்பது கணக்கியல் விதி. மார்ச் 31 நிலவரப்படி கிடைக்கும் தொகை அடக்கவிலையைவிட மேலாக இருந்ததால் இப்போது குறைத்தெழுத வேண்டிய தேவை எழவில்லை.

சரக்கிருப்பைப் பற்றி இன்னொன்றையும் குழு அறிந்திருக்க வேண்டும். நிரந்தரப் பணியாளர் சம்பளம், தொழிற்சாலைத் தேய்மானம் போன்ற நிலையான செலவுகள், விதிப்படி ஒவ்வொரு டிரம்மின் அடக்கவிலையிலும் பங்கிடப்படுகின்றன. அந்தப் பங்கு டிரம்முக்குச் சுமார் 1,000 ரூபாய். விற்ற டிரம்மோடு அந்த 1,000 ரூபாய் செலவாகப் பதிவாகிறது. விற்காத டிரம்மோடு அது சரக்கிருப்பிலேயே தங்கி அடுத்த ஆண்டுக்குப் போகிறது. ஆகவே 1,300 டிரம் கூடுதலாகத் தேங்கியதால், இவ்வாண்டு ஏற்பட்ட நிலையான செலவுகளில் சுமார் 13 லட்சம் இவ்வாண்டின் செலவாகத் தெரியவில்லை. வரிக்கு முந்தைய லாபம் 230 லட்சத்திலிருந்து 320 லட்சமாக, அதாவது 90 லட்சம் உயர்ந்ததில் இந்த 13 லட்சமும் அடங்கும். கணக்கு தவறென்று இதற்குப் பொருளல்ல, விதி அப்படித்தான் சொல்கிறது. ஆனால் விற்பதைவிட அதிகமாக உற்பத்தி செய்யும் ஆண்டில் லாபம் சற்று உயர்ந்தும் ரொக்கம் மிகவும் தாழ்ந்தும் தெரியும் என்பதை அறிந்தே அந்த லாபத்தைப் படிக்க வேண்டும்.

சிறிய இரண்டு வரிகள்

வழங்குநர்களுக்குக் கொடுக்கவேண்டிய தொகை 40 லட்சம் குறைந்திருக்கிறது. அதாவது அந்த அளவுக்குப் பணத்தை முன்பைவிட விரைவாகக் கொடுத்திருக்கிறோம். நமக்கு டிரம், அட்டை, உதிரிப்பாகம் வழங்குபவர்களில் பலர் சிறு, குறு நிறுவனங்களாகப் பதிவு செய்தவர்கள். குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி அவர்களுக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளுக்குள்ளும், ஒப்பந்தம் இல்லையெனில் 15 நாளுக்குள்ளும் பணம் தர வேண்டும். அந்தக் கெடுவைத் தாண்டி ஆண்டு இறுதியில் நிலுவையில் நிற்கும் தொகையை, அதைக் கொடுக்கும் ஆண்டில்தான் வருமான வரிக் கணக்கில் செலவாகக் கழிக்க முடியும் என்ற விதி 2023-24 நிதியாண்டிலிருந்து நடப்பில் இருக்கிறது. இந்த 40 லட்சத்தைக் கெடு கடந்து நிறுத்தி வைத்திருந்தால், நாம் கட்டும் வரி விகிதத்தில் இவ்வாண்டு வரி சுமார் 10 லட்சம் கூடியிருக்கும். ஆகவே வழங்குநரைக் காக்கவைத்து ரொக்கத்தைச் சேர்க்கலாம் என்ற யோசனைக்கு இங்கே இடமில்லை.

ஜிஎஸ்டி வரவு நிலுவை, அதாவது நாம் கட்டியும் இன்னும் கழித்துக்கொள்ளாத வரி, 28 லட்சம் உயர்ந்ததற்கு முக்கியக் காரணம் புதிய இயந்திரம். அதற்கு 18 சதவீத வரியாக 32 லட்சத்துக்கு மேல் கட்டினோம். வரி கட்டாமல் உறுதிப்பத்திரத்தின் கீழ் ஏற்றுமதி செய்யும்போது, டிரம், பை போன்ற உள்ளீடுகளுக்குக் கட்டிய வரியைத் திரும்பக் கோரலாம். மூலதனப் பொருளுக்குக் கட்டிய வரியை அவ்வாறு கோர முடியாது. உள்நாட்டு விற்பனையில் நாம் கட்டவேண்டிய வரிக்கு ஈடாகத்தான் அதைக் கழித்துக்கொள்ள முடியும். தொகை அழிந்துவிடவில்லை, மெதுவாகக் கரையும்.

இயந்திரமும் கடனும்

180 லட்சத்துக்கு வாங்கிய அசெப்டிக் நிரப்பு இயந்திரம் பிப்ரவரித் தொடக்கத்தில் இயங்கத் தயாரானது. பணம் முழுவதும் இவ்வாண்டே போய்விட்டது. லாபக் கணக்கோ அதன் விலையை நிறுவனங்கள் சட்டத்தின் அட்டவணைப்படி 15 ஆண்டுக்குப் பிரித்துத் தேய்மானமாக எடுத்துக்கொள்கிறது. ஐந்து சதவீதத்தை எச்ச மதிப்பாக விட்டால், முழு ஆண்டுக்கு 11.4 லட்சம், இவ்வாண்டின் இரண்டு மாதத்துக்கு இரண்டு லட்சம் கூட இல்லை. அட்டவணையில் 95 லட்சம் தேய்மானத்தைக் கூட்டியிருப்பதும் இதே காரணத்தால்தான். அது பெரும்பாலும் முந்தைய ஆண்டுகளில் வாங்கிய இயந்திரங்களுக்கு உரியது. லாபத்தைக் குறைத்தது, ஆனால் இவ்வாண்டு எந்தப் பணமும் அதற்காக வெளியேறவில்லை. தேய்மானத்தைக் கூட்டுவதால் பணம் புதிதாகப் பிறப்பதாகச் சிலர் எண்ணுவதுண்டு. பணமாகக் கழியாத ஒன்றைக் கழித்துவிட்டோம், அதைத் திரும்பச் சேர்க்கிறோம் என்பதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை.

தவணைக் கடனின் அசலாகத் திருப்பிக் கொடுத்த 70 லட்சமும் லாபக் கணக்கில் எங்கும் தெரியாது. வட்டி மட்டுமே செலவு. அசல் என்பது வாங்கியதைத் திருப்பித் தருவது. ஆனால் ஒவ்வொரு ஆண்டும் அந்த 70 லட்சம் லாபத்திலிருந்து வரும் ரொக்கத்திலிருந்துதான் போக வேண்டும்.

இயந்திரத்துக்கு 120 லட்சம் தவணைக் கடன் போக, 60 லட்சம் நமது கையிருப்பிலிருந்து சென்றது. பழம் வாங்க வைத்திருந்த பணத்தை 15 ஆண்டு நிற்கும் சொத்தில் போட்டிருக்கிறோம். இயந்திரம் தேவை என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. பழைய நிரப்பியில் ஏற்பட்ட நிறுத்தங்களால் ஜூன் மாதத்தில் பழம் முற்றத்திலேயே கனிந்து வீணானதை எல்லோரும் அறிவோம். அந்த 60 லட்சத்துக்கும் நீண்டகாலக் கடனையோ பங்குதாரர் மூலதனத்தையோ தேடியிருக்க வேண்டும் என்பதே என் கருத்து.

62 லட்சத்தோடு மே மாதம் தொடங்குவது

ரொக்கக் குறைவு எனக்குக் கவலை தருவது கடந்த ஆண்டுக்காக அல்ல. மே மாத நடுவில் பழம் வரத் தொடங்கினால், முதல் இரண்டு வாரத்தில் பழத்துக்கு மட்டும் ஏறத்தாழ 2 கோடி ரூபாய் கொடுக்க வேண்டியிருக்கும். வங்கியில் நமக்குக் கடன் வரம்பு இருக்கிறது, எடுத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். ஆனால் வரம்பு என்பது உச்சவரம்பு மட்டுமே. ஒவ்வொரு மாதமும் நாம் கொடுக்கும் சரக்கு மற்றும் பாக்கிப் பட்டியலை வைத்து, உண்மையில் எவ்வளவு எடுக்கலாம் என்று வங்கி கணக்கிடுகிறது. நமது ஒப்புதல் கடிதத்தின்படி, பணம் கொடுத்து முடித்த சரக்கின் மதிப்பில் 25 சதவீதத்தை நமது சொந்தப் பங்காகக் கழித்து, மீதி 75 சதவீதத்துக்குத்தான் கடன் கிடைக்கும். 90 நாளைத் தாண்டிய பாக்கியை வங்கி கணக்கிலேயே சேர்க்காது. தகராறில் உள்ள 30 லட்சம் அப்படி வெளியே நிற்கிறது.

இதன் விளைவை எண்ணிப் பாருங்கள். 100 ரூபாய் சரக்குக்கு 25 ரூபாய் நாம் போட வேண்டும் என்றால், நமது ஒரு ரூபாய் நான்கு ரூபாய் சரக்கைத் தாங்கும். சென்ற ஆண்டு 210 லட்சத்தோடு பருவத்தைத் தொடங்கினோம். அது 840 லட்சம் ரூபாய் சரக்கைத் தாங்கக்கூடியதாக இருந்தது. இவ்வாண்டு 62 லட்சம் 248 லட்சத்தைத்தான் தாங்கும். பருவத்தின் உச்சத்தில் நமது கிடங்கில் அதைப்போலப் பல மடங்கு கூழ் நிற்கும். மற்ற சொந்த மூலதனமெல்லாம் பழைய 1,300 டிரம்மிலும் வளைகுடா வாடிக்கையாளரிடமும் இயந்திரத்திலும் கட்டுண்டு கிடக்கிறது. அதாவது 240 லட்சம் லாபம் ஈட்டிய நிறுவனம், பழம் மலிவாகக் கிடைக்கும் ஜூன் மாத வாரங்களில் பணமில்லாமல் கொள்முதலைக் குறைக்க நேரிடலாம். அப்படி நேர்ந்தால் அடுத்த ஆண்டு லாபம் தானாகவே குறையும். விவசாயிகளுக்கு ஒரு வாரத்தில் பணம் தருகிறோம் என்று இத்தனை ஆண்டுகளாக நாம் காத்துவந்த சொல்லும் தவறும். இரண்டாவதை நான் முதலாவதைவிடப் பெரிய இழப்பாகக் கருதுகிறேன்.

ஏப்ரல், மே மாதங்களில் வரவேண்டிய 140 லட்சம் தவறாமல் வந்தால் நிலைமை பெருமளவு சீராகும். 62-உடன் சேர்ந்து அது 202 லட்சமாகும், ஏறத்தாழ சென்ற ஆண்டின் தொடக்க நிலை. ஆனால் மே நடுவில் தேவைப்படும் பணம் மே கடைசியில் வந்தால் போதாது. ஆகவே, தவணை முடியாத ஏற்றுமதி பில்களை வங்கியிடம் கொடுத்து, வட்டியைக் கழித்துக்கொண்டு இப்போதே பணமாக்க அனுமதி கோருகிறேன். அதற்குச் சில வார வட்டி செலவாகும், அது லாபத்தைச் சற்றுக் குறைக்கும். வாடிக்கையாளர் தவறினால் வங்கி நம்மிடமே திரும்ப வரும் என்பதால் ஆபத்து நம்மை விட்டு நீங்கிவிடாது. இருந்தும் பருவத் தொடக்கத்தில் அது கொடுக்கத்தக்க விலை.

1,300 டிரம் பழைய கூழில் குறைந்தது பாதியையாவது, புதிய பழத்தின் விலை வெளியே தெரியத் தொடங்குவதற்கு முன்பே விற்றுவிடும்படி விற்பனைப் பிரிவுக்குக் குழு அறிவுறுத்த வேண்டுகிறேன். டிரம்முக்கு 13,500 என்று பிடிவாதமாக நிற்காமல் 12,500-க்கு உடனடிப் பணத்துக்கு விற்றால், 650 டிரம்முக்கு 81 லட்சம் ரூபாய் மே மாதத்துக்கு முன்பே கைக்கு வரும். டிரம்முக்கு 1,000 ரூபாய் லாபத்தை விட்டுக்கொடுப்பது விற்பனை மேலாளருக்கு வருத்தமாக இருக்கும் என்பது எனக்குத் தெரியும்; ஆனாலும் நமது பங்கு ஒரு ரூபாய்க்கு நான்கு ரூபாய் சரக்கு என்ற கணக்கில், அந்த 81 லட்சம் 324 லட்சம் ரூபாய் மதிப்புள்ள புதிய கூழுக்கு வழிவிடும்.

இனிமேல் 60 நாளுக்கு மேற்பட்ட தவணை எதையும், அதற்கான வட்டியை விலையில் சேர்த்த கணக்குத்தாளோடு மட்டுமே ஏற்பது என்றும், மே முதல் ஆகஸ்ட் வரை வாரந்தோறும், பிற மாதங்களில் மாதந்தோறும், அடுத்த பதின்மூன்று வாரத்துக்கான ரொக்க வரவு செலவு மதிப்பீட்டைக் குழுவின் முன் வைப்பது என்றும் தீர்மானிக்கக் கோருகிறேன். முதல் மதிப்பீடும், பாக்கிகளின் வயதுப் பட்டியலும், டிரம் வாரியாகத் தயாரிப்புத் தேதியிட்ட சரக்குப் பட்டியலும் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளன.

இங்ஙனம்,
நிதி மேலாளர்
கிருஷ்ணகிரி